மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்தவருக்கு

கேள்வி: பஃபே விருந்துக்காக மதியம் பட்டினி கிடந்து போனேன். சூப், ரொட்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. காசு கொடுத்தோமே என்று விடாமல் சாப்பிட்டு, இரவெல்லாம் புரண்டு படுத்ததுதான் மிச்சம். அடுத்த தடவை போட்ட காசை எடுப்பது எப்படி?

பதில்: எடுக்க முடியாது. கட்டிய கணமே அந்தக் காசு போய்விட்டது. ஐந்து தட்டு சாப்பிட்டாலும் திரும்பாது, ஒரு தட்டோடு எழுந்தாலும் திரும்பாது. கடைக்காரர் உங்கள் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. அரைத் தட்டோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டி, இனிப்பை மட்டும் கொறிக்கும் பிள்ளை, வரிந்து கட்டிக்கொண்டு வரும் நீங்கள் என்று எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் விலை வைக்கிறார். நீங்கள் கூடுதலாக அடைக்கும் ரொட்டியில் அவருக்கு நஷ்டம் சொற்பம். அஜீரண மாத்திரைக்கு நீங்கள் கொடுத்தது அதைவிட அதிகமாக இருக்கும்.

நீங்கள் தோற்ற இடம் சூப்பும் ரொட்டியும்தான். பல இடங்களில் வரிசையின் தொடக்கத்தில் இருப்பவை இவைதான்: சூப், ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு. விலை குறைவு, வயிற்றை அடைக்கும், அள்ளப் பெரிய கரண்டி வேறு. மீனும் இறைச்சியும் கடைசியில் இருக்கும். அங்கே சின்ன இடுக்கி கிடக்கும், அல்லது ஒரு ஊழியர் நின்று துண்டு துண்டாக வெட்டி வைப்பார். அங்கே போய்ச் சேரும்போது உங்கள் தட்டில் இடம் இருக்காது.

வயிற்றிலும்தான். வளர்ந்தவர் வயிறு சிரமமில்லாமல் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும். ஒரு கிண்ணம் சூப் 200 மி.லி., ஒரு குளிர்பானம் 300 மி.லி., இரண்டு ரொட்டி. விருந்து தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் போயிற்று, குளிர்பானத்தின் வாயு தனி. பட்டினியும் கைகொடுக்காது. அரை நாள் சாப்பிடாததால் வயிறு பெரிதாகிவிடாது. பசி வெறியில் வேகமாகத்தான் சாப்பிடுவீர்கள். ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குத் தெளிவாகப் போய்ச் சேர கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டாவது தட்டு காலியாகியிருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் மேல் உள்ள ஆசை குறையும். தொடாத பண்டத்தின் மேல் குறையாது. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1981-லேயே இதைச் சோதித்து எழுதினார்கள். வயிறு முட்டிய பிறகும் இனிப்பைக் கண்டால் கை நீளுவது இதனால்தான். ஐம்பது பண்டம் வைத்த மேசையில் நாக்கு சலிக்கவே சலிக்காது. ஆகவே நாக்கைக் கேட்டு நிறுத்தலாம் என்று நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்வது? மதியம் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், கொஞ்சம் குறைவாக. போனதும் தட்டை எடுக்காமல், வெறும் கையோடு கடைசி வரை, இனிப்பு மேசை வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நான் முன்பெல்லாம் வரிசையில் நிற்பவர் முதுகைப் பார்த்தே பரிமாறிக்கொண்டு போவேன். தட்டு நிறைந்த பிறகுதான் மூலையில் சுடச்சுட மீன் பொரிப்பது கண்ணில் படும். நடந்து பார்க்கும்போது, வீட்டில் செய்ய முடியாதவை, சமைக்க நேரம் பிடிப்பவை எவை என்று ஐந்தாறு குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கிடைக்கும் சோற்றுக்கு இங்கே என்ன வேலை?

முதல் தட்டில் அந்த ஐந்தாறிலும் ஒவ்வொரு கரண்டி, அவ்வளவுதான். எது வாய்க்குப் பிடிக்கவில்லையோ அதை அப்படியே விட்டுவிடலாம், ஒரு கரண்டிதானே போகும். அப்புறம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். இரண்டாவது தட்டில், பிடித்த இரண்டு மட்டும் தாராளமாக. இனிப்புக்கு இடத்தை முன்பே ஒதுக்குங்கள், கடைசியில் தேடாதீர்கள்.

பரிமாறும் பாத்திரத்தில் ஆவி பறக்கிறதா என்றும் பாருங்கள். சூடான பண்டம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக, மேலே ஆடை படிந்து கிடக்கும் குழம்பை யார் காசு கொடுத்திருந்தாலும் தொட வேண்டாம்.

வீடு திரும்பியதும் படுத்துவிடாதீர்கள். கொழுப்பு மிகுந்த சாப்பாடு இரைப்பையைவிட்டு நகர மணிக்கணக்காகும். படுத்தால் அமிலம் மேலே ஏறும், புரளத்தான் வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரமாவது இடைவெளி தேவை என்பதால், இரவு ஒன்பதரைக்கு மேசை போடச் சொல்லாமல் ஏழு மணிக்கே போய் உட்காருங்கள்.