நகலில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அரசுப் பணியில் இருந்தபோது சான்றிதழ் நகல்களில் பல ஆண்டுகள் பச்சை மையால் கையெழுத்துப் போட்டவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"ஐயா, வேலை விண்ணப்பத்தில் 'சான்றொப்பமிட்ட நகல்' என்று மட்டும்தான் இருக்கிறது. கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் போகணுமா?"

முதலில் அறிவிப்பின் பின்பக்கக் குறிப்புகளைப் படியுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். அங்கும் யார் என்று சொல்லவில்லையென்றால் அந்த அலுவலகத்துக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சுய சான்றொப்பத்தை ஏற்கும்படி மத்திய அரசு 2013-லேயே தன் அமைச்சகங்களுக்கும் மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. நேர்காணலிலோ பணியில் சேரும்போதோ ஒரிஜினலைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனாலும் பழைய படிவத்தையே அச்சடித்துக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. படிவத்தில் கெஜட்டட் என்று தெளிவாக இருந்தால் வாதாடாமல் வாங்கிவிடுங்கள்.

சுய சான்றொப்பம் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் 'உண்மை நகல்' என்று எழுதி, விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தையும் தேதியையும் போடுவது. மதிப்பெண், பதிவெண் மேல் மை படக்கூடாது. ஆதார் நகலாக இருந்தால் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் குறுக்கே எழுதிவிடுங்கள். வேறு எதற்காவது அதைப் பயன்படுத்துவது கடினமாக இருக்கும்.

"நோட்டரி கையெழுத்து இருந்தால் எல்லா இடத்திலும் செல்லும். சுய கையெழுத்து, கெஜட்டட் ஆபீசர், நோட்டரி மூன்றில் அதுதானே பெரியது சார்?"

பாதி சரி. ஒரிஜினலோடு ஒப்பிட்டு உண்மை நகல் என்று சான்று தர நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. 1952 சட்டப்படி அரசு நியமிப்பவர் அவர். ஆனால் இது மேல்படி கீழ்படி விவகாரம் இல்லை. முகவரி ஆதாரம் இல்லாதவர் ஆதாரில் முகவரி மாற்றுவதற்கு ஒரு சான்றுப் படிவம் இருக்கிறதே, அதில் கையெழுத்திடக் கூடியவர்கள் பட்டியலில் கெஜட்டட் ஆபீசர் இருக்கிறார், நோட்டரி இல்லை. காரணம், அங்கே நகலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆளைத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

"தம்பி வெளிநாட்டில் படிக்க விண்ணப்பித்தான். 6 மதிப்பெண் பட்டியல், ஒரு பட்டச் சான்றிதழ், எல்லாம் நோட்டரி போட்டுத்தான் அனுப்பினோம். செல்லாது என்று பதில் வந்துவிட்டது. படமும் அனுப்பியிருக்கிறேன்."

படத்தைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மட்டும் முத்திரை, அதிலும் 'ATTESTED' என்ற ஒரு சொல். எதைப் பார்த்துச் சான்று கொடுத்தார் என்று தூரதேசத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 'ஒரிஜினலைப் பார்த்து ஒப்பிட்டேன், இது உண்மை நகல்' என்ற வாசகம் ஆங்கிலத்தில் வேண்டும். கூடவே நோட்டரியின் பெயர், பதிவு எண், இடம், தேதி, வட்ட முத்திரை. ஏழு தாள்களிலும், பின்பக்கத்தில் அச்சு இருந்தால் அதிலும். ஒரிஜினலைக் கேட்காமலே முத்திரை குத்திக் கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். (சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவசரத்தில் நானும் இரண்டொரு முறை அப்படிப் போட்டதுண்டு.)

அதற்கு முன், உங்களுக்கு வந்த பதிலை இன்னொரு முறை படியுங்கள். தம்பி இங்கே படித்த பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டி நேராக அனுப்ப வேண்டும் என்று இருந்தால் எந்த நோட்டரியும் உதவ மாட்டார். தேர்வுப் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'அப்போஸ்டில்', அதாவது வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக அரசு தரும் சான்று, கேட்டிருந்தால் அது வேறு பாதை. கல்விச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம்.

"கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றி கெஜட்டில் வெளியிட்டுவிட்டேன். அப்போ என் சான்றிதழ் நகல்கள் எல்லாம் கெஜட்டட் நகல்தானே அண்ணா?"

இல்லை அம்மா. உங்களிடம் இருப்பது பெயர் மாற்றத்துக்கான ஆதாரம், அதைப் பத்திரமாக வையுங்கள். கெஜட்டட் ஆபீசர் என்பது நியமனம் அரசிதழில் வெளியாகும் நிலையிலுள்ள அலுவலர். உங்கள் பட்டச் சான்றிதழ் நகலில் அவரோ நீங்களோ தனியாகக் கையெழுத்துப் போடத்தான் வேண்டும். பழைய பெயரில் உள்ள சான்றிதழோடு அந்த கெஜட் பக்கத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

"டிஜிலாக்கரில் இருக்கும் மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். 'பிரிண்ட் எடுத்து அட்டெஸ்ட் வாங்கி வா' என்கிறார்கள். இது நியாயமா?"

வாரியமோ பல்கலைக்கழகமோ நேரடியாக அதில் வழங்கிய ஆவணமாக இருந்தால், விதிப்படி அது ஒரிஜினலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். முதல் வகைதான் என்றால் நியாயம் உங்கள் பக்கம். ஆனால் கவுன்டரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கடைசித் தேதி உங்களுக்காக நிற்காது. நானாக இருந்தால் பிரிண்ட்டில் சுய கையெழுத்துப் போட்டு அன்றே கொடுத்துவிட்டு, அப்புறம் புகார் எழுதுவேன். முடியவே முடியாது, முதலில் சண்டைதான் என்று என் மனைவி சொல்கிறாள்.