12 எழுத்து என்று போட்டிருந்தும் ‘கார்த்திகேயன்’ ஏன் அடங்கவில்லை?

கேள்வி: வீட்டிலிருந்தபடி பெயர் பொறித்த மர கீ செயின், மக் விற்கிறேன். ‘12 எழுத்துக்கு மேல் கூடாது’ என்று விவரத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் ‘கார்த்திகேயன்’ என்ற பெயரைப் படிவம் ஏற்கவில்லை. இன்னொருவர், தாம் பார்த்து ஒப்புக்கொண்ட பெயர் வேறு மாதிரி பொறிக்கப்பட்டுள்ளது என்கிறார். விவரத்தை எப்படி எழுதினால் இந்தத் தகராறு வராது?

பதில்: நாம் இந்தப் பெயரை கா, ர், த், தி, கே, ய, ன் என்று ஏழாக எண்ணுகிறோம். படிவமோ ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று, ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று எண்ணிக்கொண்டே போய் 13 என்கிறது. தமிழில் பெயர் கேட்கும் விற்பனைத் தளங்கள் தமிழ் எழுத்தை எண்ண இன்னும் கற்றுக்கொள்ளாதது எனக்குப் பெரிய ஆதங்கம். அவர்கள் திருந்தும்வரை படிவத்தின் வரம்பை 24 என்று தாராளமாக வைத்துவிட்டு, உண்மையான வரம்பை விவரத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அந்த வரம்பைப் பலகையின் அகலம்தான் தீர்மானிக்கிறது. 60 மி.மீ. நீளமுள்ள கீ செயினில் வளையத் துளைப் பக்கம் 12 மி.மீ., மறுமுனையில் 4 மி.மீ. விட்டால் பெயருக்குக் கிடைப்பது 44 மி.மீ. ஏழு எழுத்துக்குச் சராசரியாக 6 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆனால் ‘கா’வும் ‘கே’வும் இரண்டு பங்கு இடம் கேட்பதால் மற்றவை ஒடுங்கும். எழுத்து சிறுத்தால் முதலில் கெடுவது புள்ளி. மரத்தில் லேசர் ஓடும்போது கோட்டின் ஓரம் கருகித் தடிக்கும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டு ‘ர்’ வெறும் கறையாகிவிடும். எனவே உங்களிடமுள்ள மிக நீண்ட பெயரை வீண் பலகையில் ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகே வரம்பை முடிவு செய்யுங்கள். விவரத்தில் இப்படி எழுதலாம்: “8 எழுத்து வரை. ‘கா’, ‘தி’, ‘ர்’ ஒவ்வொன்றும் ஓர் எழுத்து.”

இதற்கு ஒரு விதிவிலக்கு ‘ஸ்ரீ’. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது கணினிக்கு நான்கு குறிகள். அது போதாதென்று, சிலரது விசைப்பலகை அதை ‘ஸ’வில் தொடங்கும், சிலரது ‘ஶ’வில் தொடங்கும், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் ஒன்று சேர்ந்த வடிவமாகவும் மற்றது துண்டுதுண்டாகவும் வரக்கூடும். ஸ்ரீதர், ஜெயஸ்ரீ, ஸ்ரீநிதி என்று யார் கேட்டாலும் வந்ததை அப்படியே ஒட்டாமல், நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்து, அந்த எழுத்துருவில் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

எழுத்துருக்களை எண்ணிக்கைக்காக அடுக்க வேண்டாம். சோதித்த மூன்று போதும்.

இனி அந்த இரண்டாவது புகார். வாடிக்கையாளர் பார்த்தது பெரும்பாலும் வெறும் விளம்பரப் படமாக இருக்கும், பொறிக்கப் போகும் கோப்பிலிருந்தே எடுத்துக் காட்டும் மெய்ப்பாக இருக்காது. ஆர்டரை நீங்கள் வெளியே கொடுத்துச் செய்கிறீர்கள் என்றால் இடைத்தரகரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சமூக ஊடகத்தில் ஆர்டர் பிடித்துப் பட்டறைக்குத் தள்ளிவிடும் சிலர், ஏதோ ஒரு மக் படத்தின் மேல் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டு, ‘24 மணி நேரத்தில் பதில் இல்லையேல் சம்மதம்’ என்று எழுதிவிடுவார்கள். பட்டறைக்குப் போகும் கோப்பு வேறாக இருக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்திருந்து, அந்த எழுத்துரு பட்டறையில் இல்லாவிட்டால் ‘அம்மா’ என்பது mk;kh என்று தெரியும்; அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. எனக்கே ஒரு தரகர் வழியாக வந்த முப்பது மக்குகள் இப்படிப் பாழாயின. அவர் கடைசிவரை பொறுப்பேற்கவில்லை.

ஆகவே எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றிய பிறகு, அந்தக் கோப்பிலிருந்தே மெய்ப்பு எடுங்கள். அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. படத்தில் பெயரின் அளவை மி.மீ.யில் குறியுங்கள். ஒப்புதலாக ‘ஓகே’ என்ற பதிலை ஏற்காதீர்கள். மெய்ப்பில் உள்ள பெயரை அவரையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ‘தினேஷ்’, ‘திணேஷ்’ குழப்பம் அப்போதுதான் வெளிப்படும். பதில் வராத ஆர்டர் காத்திருக்கட்டும்.

‘பெயர் பொறித்ததைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்ற வரி மட்டும் உங்களைக் காப்பாற்றாது. விவரித்தபடியோ ஒப்புக்கொண்டபடியோ இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மெய்ப்பு, வாடிக்கையாளர் தட்டச்சு செய்த பெயர், அனுப்புமுன் எடுத்த படம் ஆகிய மூன்றையும் ஆர்டர் எண்ணோடு சேர்த்து வையுங்கள். பெயரைத் தவறாகத் தந்தது அவரா, பொறித்தது நீங்களா என்பது அவற்றிலேயே தெரிந்துவிடும்.