தீனியை விடுவதற்கு முன் அசை குறையும்

கேள்வி: கறவை மாடு தீனி எடுக்காமல் நின்ற பிறகுதான் நோய் என்று தெரிகிறது. அதற்குள் பாலும் குறைந்துவிடுகிறது. முன்கூட்டியே எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? வீட்டில் மாட்டோடு அதிக நேரம் இருப்பது 10 வயதுப் பேத்திதான்.

பதில்: பேத்திக்கு என்பதால் கதையாகவே எழுதுகிறேன். படித்துக் காட்டுங்கள்.

"மாடு தின்னும்போது பார்த்து ஒண்ணும் தெரியாது கண்ணு. உடம்பு சரியில்லாட்டியும் பழக்கத்துல தொட்டிக்குள்ள வாயை வைக்கும். தின்னு முடிச்சுப் படுத்த பிறகு பாரு" என்றார் தாத்தா.

செவலை படுத்து அசை போட்டது. தொண்டை வழியாக ஓர் உருண்டை மேலேறி வாய்க்கு வந்தது. "இதை விழுங்குறவரைக்கும் எத்தனை மெல்லு மெல்லுதுன்னு எண்ணு." 54. அடுத்த உருண்டைக்கு 57. ஒரு வாரம் எண்ணியதில் 50-க்குக் கீழே இறங்கவில்லை. இளம்புல் தின்ற மாடு குறைவாகவும் வைக்கோல் தின்றது கூடுதலாகவும் மெல்லும். அதனால் பக்கத்து வீட்டு மாட்டோடு ஒப்பிடக் கூடாது, அதன் சொந்தக் கணக்குதான் கணக்கு.

எட்டாம் நாள் இரவு 31. அடுத்தது 28. பிறகு அசையே இல்லை. ஆனால் சாயங்காலம் வைத்த தவிட்டுத் தண்ணீரை மிச்சமில்லாமல் குடித்திருந்தது.

"காய்ச்சலோ வலியோ வந்தா வயித்தோட அசைவு மந்தமாயிடும், உருண்டை மேல வராது. பருவத்துக்கு வந்த மாடும் அசையைக் குறைக்கும், ஆனா அதுக்குக் காய்ச்சல் இருக்காது" என்று சொல்லிவிட்டு, தாத்தா வெப்பமானியில் எண்ணெய் தடவி, ஆசனவாயின் உள்சுவரில் படும்படி சாய்த்து இரண்டு நிமிடம் பிடித்தார். 104 டிகிரி. சாதாரணமாக 101.5-ஐ ஒட்டி இருக்கும். வெயிலில் நின்ற மாட்டுக்குக் கொஞ்சம் கூடும் என்பதால் நிழலில் நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து மடி. புறங்கையால் நான்கு பாகத்தையும் தொடச் சொன்னார். வலது பின்பக்கம் மட்டும் சுட்டது. அந்தக் காம்பிலிருந்து மூன்று பீச்சு பாலைக் கறுப்புத் துணியில் விட்டதும் தயிர்த்திரி போல வெள்ளைத் துணுக்குகள் தங்கின. மடிநோய் தொடங்கியிருந்தது.

நல்ல மூன்று காம்புகளை முதலில் கறந்து, நோய்க் காம்பைக் கடைசியில் கையால் முழுதும் வடித்தார்கள். அந்தப் பாலைத் தொழுவத் தரையில் விடாமல் தூரத்தில் குழியில் ஊற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். காலையில் கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார்.

மூன்றாம் நாள் இரவு அசை 52. பேத்தி பால் சொம்பைத் தூக்கினாள்.

"சரியாயிடுச்சே தாத்தா, சொசைட்டிக்கு ஊத்தலாமா?"

"ஊசி மருந்து பால்ல இறங்கும் கண்ணு. டாக்டர் சொன்ன நாள் முடியறவரைக்கும் நாலு காம்புப் பாலும் குழிக்குத்தான்."