சம்பளப் பட்டியல் வெளியே போய்விட்டது, வேலையாட்களுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: யாழ்ப்பாண நகரில் மொத்த வியாபாரம் செய்கிறேன், 46 பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் பகுதிப் பிள்ளை, என் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி முழுச் சம்பளப் பட்டியலையும் அனுப்பிவிட்டா. சொந்தப் பிள்ளைபோல வைத்திருந்தேன், இப்படித் துரோகம் செய்துவிட்டா. அவவை நிறுத்தலாமா? மற்றவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டுமா? ஒருவர் வங்கி என்று வந்த அழைப்பில் 85,000 ரூபா இழந்து சண்டை பிடிக்கிறார்.

பதில்: ஏமாந்தது துரோகமல்ல. விசாரணையில்லாமல் நிறுத்தினால் தொழில் நியாயசபையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தக் கதையை இத்துடன் விடுங்கள்.

சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கே. ஒருவர் காசை இழந்தது உங்களுக்குத் தெரிந்த பிறகு அடுத்தவர் இழந்தால், "தெரிந்தும் மறைத்தார்" என்பதுதான் வழக்கு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எந்தப் பகுதி எப்போது நடைமுறைக்கு வந்தது என்ற வாதம் அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றாது.

நான் பயப்படுவது அறிவித்தலின் வாசகத்துக்குத்தான். என்னிடம் வந்த ஒரு முதலாளி "வங்கி விபரம் எதுவும் போகவில்லை" என்று எழுதி ஒட்டினார். எக்செல் கோப்பில் கணக்கிலக்க நிரல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கோப்பு கிடைத்தவர் இரண்டு சொடுக்கில் அதைத் திறந்துவிடலாம். பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் காட்டிய ஆவணம் அவருடைய கையொப்பமிட்ட அந்த அறிவித்தல்தான். ஆகவே அனுப்பிய அதே கோப்பைத் திறந்து, மறைந்த நிரல்களையும் மற்றத் தாள்களையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தத் திகதியில், எந்த மாதப் பட்டியல், என்னென்ன போனது: பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம், சேமலாப நிதி இலக்கம், சம்பளம். தெரியாததை "இன்னும் பார்க்கிறோம்" என்று எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் வேண்டாம். விலகிப்போனவர்கள் பட்டியலில் இருந்தால் அவர்களுக்கும் கடிதம் போகவேண்டும்.

வேலையாட்களுக்கு ஆபத்து எங்கே என்பதையும் சொல்லுங்கள். கணக்கிலக்கத்தை மட்டும் வைத்துக் காசு எடுக்க முடியாது. ஆனால் அழைப்பவர் அடையாள அட்டை இலக்கத்தையும் போனமாதச் சம்பளத்தையும் சதம் பிசகாமல் வாசித்தால் யாரும் நம்பிவிடுவார்கள். அப்படி வாசித்தாலும் ஓடிபி சொல்லாமல் துண்டித்து, வங்கி அட்டையின் பின்பக்க இலக்கத்துக்குத் தாங்களே அழைக்கச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கை மாற்றக் கேட்டு வரும் மின்னஞ்சலை நீங்களும் நம்பவேண்டாம். ஆள் நேரில் வந்து கையொப்பமிடட்டும்.

இன்னும் இரண்டு பொறிகள். "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை அறிவித்தலின் அடியில் சேர்த்துக் கையொப்பம் வாங்காதீர்கள். அது உங்களைக் காப்பாற்றாது, மறைக்க முயன்றதாகத்தான் படும். கணினியை ஃபோர்மட் செய்யவும் வேண்டாம். அந்த மின்னஞ்சல் அழிந்தால், ஏமாற்றப்பட்டீர்கள் என்பதற்கான ஒரே சான்றும் போய்விடும். அதை வைத்துப் பொலிசில் முறைப்பாடு போடுங்கள்.

85,000 ரூபாவைக் கொடுத்துவிடுங்கள். ஓடிபி சொன்னது அவர்தான் என்றால், வழக்கில் நீங்கள் வெல்லவும் கூடும். ஆனால் உங்கள் கோப்பு முழுவதும் நீதிமன்றத்தில் திறக்கப்படும், மற்ற 45 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறுப்பை ஏற்காமல் கொடுக்கிறேன் என்று தனி இணக்கக் கடிதம் எழுதி, காசோலையாகக் கொடுங்கள்.