4 கோருக்கு 8 த்ரெட் காட்டுது, ஆனா 8 த்ரெட் ஓட்டினாலும் என் புரோகிராம் வேகமாகல. கோர்ஸ் கிரெயின், ஃபைன் கிரெயின், எஸ்எம்டி மூணுல எது எந்தத் தாமதத்தை மறைக்கும்?

உங்கள் புரோகிராம் முழுக்கக் கணக்குப் போடும் ரகம் என்று நினைக்கிறேன். நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன், அதனால்தான் இந்தச் சந்தேகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மேட்ரிக்ஸ் பெருக்கல் வேலை என்னிடம் வந்தது. 4 கோர் இன்டெல் மெஷின், உங்களுடையது போலவே 8 த்ரெட் காட்டும். 4 த்ரெட்டில் 41 வினாடி ஆனது. "8 ஆக்கிடுறேன் சார், பாதி நேரத்துல முடிஞ்சிடும்" என்று மேனேஜரிடம் வாய்விட்டுவிட்டேன். மறுநாள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் 44 வினாடி. "பாதின்னியே தம்பி" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தவறு என்னுடையதுதான். ஒரு கோர் மூன்று விதமாகச் சும்மா இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலாவது, நீண்ட காத்திருப்பு. தேவையான டேட்டா எந்தக் கேஷிலும் இல்லாமல் மெமரி வரை போய்வர 200 சைக்கிள் ஆகிறது என்று வையுங்கள். கோர்ஸ் கிரெயின் முறை இதற்காகவே பிறந்தது. ஒரு த்ரெட் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய மிஸ் வந்தால்தான் அடுத்ததற்கு மாறும். 2006-இல் வந்த இன்டெலின் ஐட்டேனியம் மான்டிசிட்டோ இப்படித்தான், கோருக்கு இரண்டு த்ரெட். மாறும்போது பைப்லைனில் பாதியில் நிற்கும் பழைய த்ரெட்டின் கட்டளைகளைக் கொட்டிவிட்டு, புதியதைக் கொண்டு நிரப்ப வேண்டும். அதற்கு 15 சைக்கிள் போகிறது என்றால், 200 சைக்கிள் காத்திருப்புக்கு அது லாபம். ஆனால் இரண்டாம் கேஷிலிருந்து 12 சைக்கிளில் வந்துவிடும் டேட்டாவுக்காக மாறுவது, அடுத்த தெருவுக்கு ஆட்டோ தேடி அரை மணி நேரம் நின்ற கதை. ஆகவே சின்னத் தாமதங்களை இந்த முறை தொடுவதே இல்லை.

இரண்டாவது அந்தச் சின்னத் தாமதங்கள்தான். ஒரு லோடு முடிய மூன்று சைக்கிள், ஒரு பெருக்கல் முடிய சில சைக்கிள், கிளை எந்தப் பக்கம் என்று தெரிய இன்னும் சில. ஃபைன் கிரெயின் முறையில் ஒவ்வொரு சைக்கிளும் வேறு த்ரெட்டின் முறை. காத்திருப்பவரைத் தாண்டிப் போய்விடும். 2005-இல் சன் நிறுவனம் கொண்டுவந்த அல்ட்ராஸ்பார்க் டி1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 8 கோர், கோருக்கு 4 த்ரெட், ஆறே கட்டப் பைப்லைன். ஒரு த்ரெட் லோடு போட்டுவிட்டால் அதன் முறை திரும்பி வருவதற்குள் மற்ற மூன்றும் ஓடிவிடும், டேட்டாவும் வந்து சேர்ந்திருக்கும். மாறுவதற்குத் தனிச் செலவு கிடையாது.

பெரிய மிஸ்ஸையும் இது மறைக்கும், ஆனால் கையில் போதுமான த்ரெட் இருக்க வேண்டும். ஒரு த்ரெட் 40 சைக்கிள் வேலை, 200 சைக்கிள் காத்திருப்பு என்று மாறி மாறிப் போகிறது என்றால், 240-இல் அதன் பங்கு 40 மட்டும். நான்கு த்ரெட் சேர்ந்தாலும் 160தான், அதாவது அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் கோர் வேலை செய்யும். இடைவெளியே இல்லாமல் நிரப்ப ஆறு வேண்டும். ஜிபியுக்கள் இத்தனை த்ரெட்டைக் கட்டி மேய்ப்பது இதனால்தான். இதற்கு விலையும் உண்டு: நான்கும் தயாராக இருக்கும்போது ஒரு த்ரெட்டுக்கு நான்கில் ஒரு சைக்கிள்தான் கிடைக்கும்.

மூன்றாவது வகையைத்தான் நான் கவனிக்கவில்லை. இன்றைய கோர் ஒரே சைக்கிளில் நான்கு கட்டளைகளை அனுப்ப வல்லது என்று வையுங்கள். ஆனால் அந்த நொடியில் என் த்ரெட்டில் இரண்டுதான் தயார். மீதி இரண்டு இடம் காலி. மேலே சொன்ன இரண்டு முறைகளிலும் ஒரு சைக்கிள் முழுக்க ஒரே த்ரெட்டுக்குச் சொந்தம் என்பதால் இந்தக் காலி இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. எஸ்எம்டி அதே சைக்கிளில் பக்கத்து த்ரெட்டின் இரண்டு கட்டளைகளை அங்கே உட்கார வைக்கிறது. ஒரு த்ரெட் மிஸ்ஸில் மாட்டினால் மற்றது எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மூன்று வகையும் இதற்குள் அடங்கும். ஹைப்பர்த்ரெடிங் என்று இன்டெல் விற்பது இதைத்தான்.

(தயாரான கட்டளைகளை வரிசை மாற்றி முன்னே ஓட்டும் அவுட் ஆஃப் ஆர்டர் கோரே சின்னத் தாமதங்களை மறைத்துவிடுமே என்று யாராவது கமென்டில் வருவீர்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மெமரி மிஸ் வந்தால் அதன் கட்டளை வரிசை நிரம்பி அதுவும் நின்றுவிடும்.)

இப்போது என் 44 வினாடிக்கு வருவோம். என் பெருக்கல் கோடு ஏற்கெனவே நன்றாகச் செதுக்கியது. ஒற்றை த்ரெட்டே பெருக்கல் யூனிட்டுகளை நிரப்பி வைத்திருந்தது. காலி இடமே இல்லாத பஸ்ஸில் இரண்டாவது த்ரெட் எங்கே ஏறும்? அதற்கு மேல் இன்னொரு கூத்தும் நடந்தது. 32×32 டபுள் கட்டம் ஒன்று 8 கேபி, மூன்று கட்டம் 24 கேபி, 32 கேபி முதல் கேஷில் அழகாக அடங்கும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தேன். ஆனால் ஒரே கோரில் இரண்டு த்ரெட் என்றால் 48 கேபி. அந்தக் கேஷ் இருவருக்கும் பொது. ஒன்று கொண்டுவந்து வைப்பதை மற்றது வெளியே தள்ளியது. மிச்ச மூன்று வினாடிக்கு அதுதான் காரணம்.

அதே மெஷினில் இன்னொரு புரோகிராம், ஒரு பெரிய ஹாஷ் டேபிளில் கண்டபடி தேடுவது, 4-இலிருந்து 8 ஆனதும் 30 வினாடியிலிருந்து 19-க்கு இறங்கியது. அங்கே ஒவ்வொரு தேடலும் மெமரி வரை போய்வந்தது, கோர் பாதி நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

உங்களுடையது எந்த ரகம் என்று ஒற்றை த்ரெட்டில் ஓட்டிப் பாருங்கள்:

```
cat /sys/devices/system/cpu/cpu0/topology/thread_siblings_list
taskset -c 0 perf stat -e cycles,instructions,cache-misses ./prog
```

முதல் வரி `0,4` என்று வந்தால் 0-வும் 4-ம் ஒரே கோரின் இரு த்ரெட்கள். `0-1` என்று வரும் மெஷினும் உண்டு. அங்கே `taskset -c 0-3` போட்டுவிட்டு நான்கு கோரில் ஓட்டுவதாக நினைத்தால், இரண்டே கோரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் `insn per cycle` என்ற எண்ணைப் பாருங்கள். அது 3-ஐ நெருங்கினால் எஸ்எம்டியிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1-க்குக் கீழே, மிஸ்ஸும் அதிகம் என்றால் லாபம் வரலாம். ஆனால் ஒரு பெரிய அரேயை வரிசையாக வாசித்துக்கொண்டே போகும் புரோகிராமில் நான்கு கோரே மெமரியின் வழியை அடைத்துவிடும். அங்கே எண் குறைவாக இருந்தாலும் 8 த்ரெட் உதவாது.

கடைசியாக ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லை. கல்லூரித் தேர்வில் இந்த மூன்றுக்கும் "வேறுபாடு தருக" என்று 8 மார்க் கேள்வி வந்தது. சைக்கிள் வாரியாகக் கட்டம் போட்டு, காலி இடங்களைக் காட்டி வரைந்தேன். அட்டவணை போடவில்லை என்று 3 மார்க். அட்டவணை போட்ட நண்பனுக்கு 7. அவன் எழுதிய கடைசி வரி "எஸ்எம்டியே சிறந்தது". எனக்குத் தெரிந்து அந்த வரியைத்தான் பிறகு நானும் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் `perf` எண்களைக் கமென்டில் போடுங்கள், பார்க்கிறேன்.