மஞ்சள் நடைவண்டியும் மிச்சப் பெயின்டும்

"மகனுக்குப் பதினொரு மாதம். தச்சுவேலை செய்யும் பாஸ் ஒருவர் மரத்தில் நடைவண்டி செய்து, நல்ல மஞ்சள் பெயின்டும் அடித்துத் தருகிறேன் என்கிறார், 4,500 ரூபாய். டவுன் கடையில் பிளாஸ்டிக் ஒன்று 1,900. எது கனகாலம் உழைக்கும், வாயில் வைத்தால் எது பயமில்லை?" (ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை)

மரத்தை வாங்குங்கள், மஞ்சளை விடுங்கள். நான் பெயின்ட் வேலையிலேயே காலம் கழித்தவன், அதனால் முதலில் அந்த மஞ்சளைப் பற்றித்தான் சொல்வேன்.

பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு இவற்றுக்குக் காலங்காலமாகப் பிள்ளைகளுக்கு நஞ்சான ஈயம் கலந்த நிறத்தூள்தான் போட்டார்கள். விலை குறைவு, ஒரு பூச்சிலேயே மரத்தை மூடிவிடும், வெயிலுக்கும் வெளிறாது. இலங்கையில் 2013இல் நடைமுறைக்கு வந்த விதி, விளையாட்டுச் சாமான் பெயின்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்றது. கதவுக்கும் கேற்றுக்கும் அடிக்கும் எனாமலுக்கோ 600 வரை விட்டது. அதாவது சட்டப்படி சரியான பெயின்ட்கூடப் பிள்ளையின் வண்டிக்குச் சரியில்லாமல் போகலாம். பாஸ் உங்கள் ஒரு வண்டிக்காகப் புது ரின் வாங்கமாட்டார், யாரோ வீட்டுக் கேற்றுக்கு அடித்த மிச்சம் மூலையில் இருக்கும், அதைத்தான் திறப்பார். அவர் கெட்டவர் இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விதியைத் தாளில் போட்டுவிட்டுப் பட்டறைப் பக்கம் எட்டியும் பார்க்காவிட்டால் இப்படித்தான்.

ஈயத்தைக் கண்ணாலோ மூக்காலோ பிடிக்கமுடியாது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம், நகத்தால் சுரண்டலாம். ஆனால் அது பெயின்ட் கழருமா என்றுதான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே பாஸிடம் பெயின்டும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம், நுண்ணிய அரத்தாளால் வழவழப்பாக்கி விளிம்பெல்லாம் உருட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். பூச்சு வேலை இல்லையென்றால் விலையையும் குறைத்துக் கேட்கலாம். இன்னொன்று, ஆணி அடிக்கவேண்டாம். நம் ஊர்க் கடல்காற்றுக்கு ஆணி சீக்கிரம் துருப்பிடித்துத் தலை வெளியே வரும். மரமுளையும் பசையும் போட்டு இணைத்தால் இறுக்கமாக நிற்கும், சக்கரம் தேய்ந்தால் அவரிடமே மாற்றலாம்.

பிளாஸ்டிக்கில் நிறம் பெரும்பாலும் உள்ளேயே கலந்திருக்கும், உரிந்து வராது, சவர்க்காரம் போட்டுக் கழுவலாம், அது நல்ல விஷயம்தான். ஆனால் நடைவண்டிக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். இலேசானது டைல்ஸ் தரையில் பிள்ளைக்கு முன்னால் ஓடிவிடும், பிள்ளை முகங்குப்புற விழும். அதோடு வெயில் படும் விறாந்தையில் போட்டு வைத்தால் மெதுவாக வெளிறி நொறுங்கும், உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கடையிலேயே கைபிடியை மெல்ல வளைத்துப் பாருங்கள், வளையும் இடத்தில் வெள்ளைக்கோடு விழுந்தாலும், திறந்ததும் கடும் வாடை அடித்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். உடைந்ததை ஒட்ட முடியாது, இன்னொன்று வாங்கினால் 3,800 ஆகிவிடும். அந்த 4,500க்கும் இதற்கும் பிறகு எவ்வளவு வித்தியாசம்?

திருவிழாக் கடையிலும் போனிலும் விற்கும் ஆட்கள் "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்" என்று மரச்சாமான் தள்ளுவார்கள், பெரிய இடத்துச் சரக்கு மாதிரிக் காட்டி. ஏன் ரிஜெக்ட் ஆனது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்! பெயின்ட் சோதனையில் விழுந்ததாலும் திருப்பி அனுப்பியிருக்கலாம், அது அவருக்கும் தெரியாது. ஐரோப்பிய விதிக்குச் சரியானது என்று பெட்டியில் அச்சடித்த "சி.ஈ." எழுத்தைக் காட்டினாலும் மயங்கவேண்டாம். விளையாட்டுச் சாமான்களில் அதைப் பெரும்பாலும் தயாரித்தவரே போட்டுக்கொள்கிறார், யாரும் சோதித்துக் கொடுத்த முத்திரை இல்லை.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். பெயின்ட் இல்லாத மரம் நல்லது என்றதும் சிலர், அப்பாவோ தாத்தாவோ உருட்டிய பழைய வண்டியை எடுத்து, பெயின்டைத் தேய்த்துவிட்டுக் கொடுக்கப்போவார்கள். அதைச் செய்யாதீர்கள். பழைய பெயின்டில்தான் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு, மேலேமேலே பல பூச்சு இருக்கும். அரத்தாள் போட்டதும் அது தூளாகித் தரையிலும் பாயிலும் இறங்கும், தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். தேய்க்காமல் விட்டிருந்தால் வந்திருக்கும் ஆபத்தைவிட இது பெரிது. நெருப்பில் காட்டி உரிப்பது இன்னும் மோசம், புகையாகவே உள்ளே போகும். மேலே புது எனாமல் அடித்து மூடலாமே என்பார்கள். பிள்ளை பல்லால் கடிக்கும் கைபிடியில் அந்தப் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? பாசமான பொருள் என்றால் துடைத்து, அலுமாரிக்கு மேலே வையுங்கள். ஏற்கனவே யாராவது வீட்டுக்குள் தேய்த்துவிட்டார்கள் என்றால் விளக்குமாறு போடாதீர்கள், தூள் பறக்கும். ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்து எறியுங்கள்.