குருகு பார்த்தது எதை?

வணக்கம். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒரு கவிதையின் கடைசி வரியில் இரண்டு மாணவர்கள் கருத்து வேறுபட்டுப் பேசிக்கொள்வதாக ஓர் உரையாடல் எழுதச் சொன்னேன். இருவரும் கவிதையிலிருந்தே சான்று காட்ட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. பாட்டு, குறுந்தொகை 25. வந்தவை எல்லாம் பட்டிமன்றம் மாதிரி இருக்கின்றன, முடிவில் "உன் பார்வையும் சரி, என் பார்வையும் சரி" என்று சமாதானமாகிவிடுகிறார்கள். எங்கே கோளாறு? நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?
(ஒரு தமிழாசிரியர்)

வணக்கம். நல்ல பாட்டைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கே வைத்துவிடுகிறேன், கபிலர் எழுதியது, ஐந்தே அடி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகும் இருந்தது. இவ்வளவுதான் பாட்டு. கடைசி வரி அவளுக்கு ஒரு சாட்சியைத் தருகிறதா, சாட்சியே இல்லை என்கிறதா, சண்டை அங்கேதான் வர வேண்டும்.

பட்டிமன்றம் ஆகிவிடுவதற்குக் காரணம், ஒருவர் சொன்ன சான்றை மற்றவர் தொடுவதே இல்லை என்பதுதான். ஒருவர் முதல் வரியைக் காட்டுவார், அடுத்தவர் அதற்குப் பதில் சொல்லாமல் நாலாவது வரிக்குப் போய்விடுவார், இரண்டு தனிக் கட்டுரைகளைக் கத்தரித்து மாற்றி மாற்றி ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒருவருடைய பேச்சை முழுதாக அடித்துவிட்டு மற்றவருடையதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அது தடங்கல் இல்லாமல் ஓடினால் அங்கே உரையாடல் நடக்கவில்லை.

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். மலர், குமரன் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

மலர்: பாட்டு "இல்லை"யில் ஆரம்பித்து "உண்டு"வில் வந்து நிற்கிறது, கவனித்தாயா? யாரும் இல்லை என்று உடைந்துபோய்த் தொடங்குகிறாள், பேசப் பேச ஞாபகம் வருகிறது, இல்லையில்லை, ஒரு குருகு இருந்ததே என்கிறாள். கடைசி வரி அவளுக்குக் கிடைத்த பிடி.

குமரன்: அப்படியானால் முதல் வரியை அவளே மறுக்கிறாள் என்றாகிறது. "யாரும்" என்பது மனிதர்களைத்தானே குறிக்கும்? குருகு அஃறிணை. ஆள் யாரும் இல்லை, குருகு இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். "உண்டு" வந்துவிட்டதால் "இல்லை" போய்விடவில்லை.

மலர்: சரி, மறுக்கவில்லை. அப்படியென்றால் எதற்காகச் சொல்கிறாள்? "யானெவன் செய்கோ" என்ற இடத்திலேயே அவள் குறை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று அடி, பாட்டில் பாதிக்கு மேல், அந்தப் பறவைக்குப் போகிறது. ஒன்றுக்கும் உதவாத பறவைக்கு இவ்வளவு இடமா?

குமரன்: அந்த மூன்று அடியில் பறவை என்ன செய்கிறது என்று பார். ஒரே ஒரு வேலைதான் செய்கிறது, "ஆரல் பார்க்கும்". பார்க்கிறது, ஆனால் இவர்களை அல்ல. அதுவும் ஒழுகுநீர். நீர் ஓடுகிறது, மீனும் அதோடு போய்விடும், கண்ணை எடுத்தால் இரை போச்சு. இருந்த ஒரே ஒரு உயிரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான் பாட்டு முடிகிறது. கதவைத் திறக்கவில்லை, சாத்துகிறது.

மலர்: குருகு அவர்களைப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். கால் சின்னது, பசுமையானது, தினைத்தாள் மாதிரி இருந்தது என்று இவ்வளவு நாள் கழித்தும் சொல்கிறாள். அன்று நடந்தது உண்மை என்பதற்கு அந்தக் கால்தான் சான்று. பொய் சொல்கிறவளுக்குக் குருகின் கால் நிறம் எதற்கு?

குமரன்: அது அவளுடைய சாட்சியம். அவனுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. "தானது பொய்ப்பின்" என்று அவள் பயப்படுவதே, தன் சொல்லை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால்தானே?

மலர்: அப்போது "குருகும்" என்பதில் இருக்கும் உம்மைக்கு என்ன சொல்வாய்? வேறு யாரோடு சேர்த்துக் "குருகும்"?

இந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் உரையாடலுக்கு உயிர் வருகிறது. இதுவரை இருவரும் சாட்சி உண்டா இல்லையா என்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கேள்வி சிறுத்து ஓர் உம்மைக்கு வந்துவிட்டது. குமரன் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். "ஒரு குருகுதான் இருந்தது, அதுவும் இப்படி" என்று இழிவு சிறப்பும்மையாக எடுத்தால் அவன் கட்சி அப்படியே நிற்கும். எச்சவும்மையாக எடுத்தால் சேர்த்து எண்ண இன்னொருவர் வேண்டும், பாட்டில் அதற்கு இருப்பவன் "தானே" என்று முதல் அடியிலேயே வந்துவிட்ட கள்வன் மட்டும்தான். அவன் இருந்தான், குருகும் இருந்தது. உடனே வேறொரு படம் கிடைக்கிறது பாருங்கள். இரண்டு பேரும் அங்கே எதையோ எடுத்துக்கொள்ள வந்தவர்கள், குருகு ஆரலுக்காக அசையாமல் நிற்கிறது, அவனும் அப்படித்தான் நின்றிருப்பான். அப்படியானால் குருகு அவன் பக்கத்து ஆள். இந்த வாசிப்பைத் தொடங்கும்போது மலரும் கொண்டுவரவில்லை, குமரனும் கொண்டுவரவில்லை, வாதம்தான் அங்கே கொண்டுபோய்விட்டது. சான்றுக்குச் சான்று பதில் சொன்னால் இப்படி ஏதாவது நடக்கும், நடக்காவிட்டால் யாரோ ஒருவர் நடுவில் நழுவியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

ஒருவர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதை விடவில்லை என்பதைப் பாருங்கள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் முரண் என்பதை மலர் கைவிட்டாள். குருகு பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டாள். ஆனால் கட்சி மாறவில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் போய் இன்னும் உறுதியான இடத்தில் நின்றுகொள்கிறாள். உங்கள் மாணவர்கள் விட்டுக்கொடுப்பதை எல்லாம் கடைசிப் பத்தியில் மொத்தமாக வைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் அது சமாதானக் கூட்டமாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை என்றாலும் ஊகிக்கிறேன். யாராவது ஒரு மாணவர் பாட்டின் கீழே இருக்கும் துறைக் குறிப்பை எடுத்து வைத்திருப்பார். வரைவு நீட்டித்தபோது தலைமகள் தோழிக்குச் சொன்னது என்று இருக்கிறது, ஆகவே அவன் கைவிடவில்லை, கல்யாணம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான், ஆகவே கடைசி வரி நம்பிக்கை என்று வாதம் போகும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் குறிப்பு பாட்டுக்குள் இல்லை. பழைய ஆட்கள் இந்தப் பாட்டை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு அது சான்று, பெரிய சான்றுதான், கபிலருடைய ஐந்து அடியோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அதைக் கொண்டுவரக் கூடாது என்று தடை போட வேண்டாம். ஒருவர் கொண்டுவரட்டும், "அது யார் எழுதியது?" என்று மற்றவர் கேட்கட்டும். அதே விஷயத்தைப் பாட்டுக்குள்ளிருந்தே காட்டவும் வழி இருக்கிறது. "பொய்த்தான்" என்று அவள் சொல்லவில்லை, "பொய்ப்பின்" என்கிறாள். அவன் இன்னும் பொய் சொல்லவில்லை, சொன்னால் என்ன செய்வது என்ற பயம்தான் பேசுகிறது. துறைக் குறிப்பை நம்பியிருந்த மாணவருக்கு இந்த "இன்" விகுதி போதும்.

குமரனுக்கு நான் வாயில் வைக்காத ஒன்று உண்டு, வேண்டுமானால் உங்கள் வகுப்பில் போட்டுப் பாருங்கள். கடைசிச் சொல் "ஞான்றே". குருகைப் பற்றிய மூன்று அடியும் வந்து முடிவது குருகில் இல்லை, அந்த நாளில். "தான்" என்ற சொல் "தானே கள்வன்", "தானது பொய்ப்பின்" என்று வந்து, கடைசி அடியில் "தான் மணந்த" என்று மறுபடி வருகிறது, மூன்றும் அவனைத்தான் சொல்கின்றன. ஐந்து அடிக்குள் மூன்று தடவை அவன், ஒரே ஒரு தடவை குருகு. கடைசி வரி குருகைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டதே சரிதானா என்று மூன்றாவதாக ஒருவர் குறுக்கே வந்து கேட்கலாம், கேட்டால் இருவருமே கொஞ்ச நேரம் திணறுவார்கள்.

யார் ஜெயிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "பார்க்கும்" என்ற சொல்லுக்குச் செயப்படுபொருள் ஆரல், அதை யாரும் மாற்ற முடியாது, அந்த இடத்தில் குமரன் பக்கம்தான் நான். ஆனால் இந்தப் பேச்சு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அவனுடைய வாதம் இல்லை, குருகின் காலைப் பிடித்துக்கொண்டு மலர் சொன்னதுதான். மருதத்திலும் நெய்தலிலும் நாம் நிறையப் பார்த்துப் பழகிய நீர்ப்பறவைக்கு இவள் குறிஞ்சியின் தினைத்தாளை உவமை சொல்கிறாள், தன் கண்ணுக்குத் தினமும் படுகிற ஒன்றை. பார்த்தவள் பேச்சு அது. இதையும் மலரே சொல்லியிருக்கலாம், நான் அவளுக்கு மிச்சம் வைத்துவிட்டேன். அதனால் மதிப்பெண் போடும்போது முடிவைப் பார்க்காதீர்கள். மற்றவர் காட்டிய அதே சொல்லை எடுத்து அதையே தன் பக்கம் திருப்பியிருக்கிறாரா என்று பாருங்கள், ஓர் இடத்திலாவது அது இருந்தால் போதும்.

அடுத்த முறை வேறு பாட்டு கொடுப்பதானால், செம்புலப் பெயல்நீர் வருகிற குறுந்தொகை 40ஐ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, ஆனால் "அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்று கடைசி வரியில் சேதி முடிந்துவிடுகிறது, உவமையைப் பற்றி வேண்டுமானால் பேசலாம், முடிவைப் பற்றிச் சண்டை போட அதில் இடமே கிடையாது. மாணவர்கள் மறுபடியும் கைகுலுக்கத்தான் செய்வார்கள்.